மாமாவுக்கு அறுபது: குறட்டையையும் தானே புயலையும் வச்சு ஒரு ரோஸ்ட் நடந்த விதம்

கேஸ் இதுதான். எங்க தாய்மாமா 1965ல பொறந்தவரு, விசுவாவசு வருஷம், மின்வாரியத்துல லைன்ல ஏறி எறங்கி கடைசில ஃபோர்மேனா ரிட்டயர் ஆனவரு. 2025ல அதே விசுவாவசு திரும்ப வந்துச்சு, காலைல திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம், சாயங்காலம் கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு சின்ன ஹால்ல சொந்தபந்தம் ஒரு எண்பது பேருக்கு விருந்து. அந்த விருந்துல பதினஞ்சு நிமிஷம் மாமாவ நடுவுல சேர் போட்டு உக்கார வச்சு ரோஸ்ட் பண்றதுன்னு அவரோட பையன் ஆசைப்பட்டான். பொறுப்பு என் தலைல விழுந்துச்சு.

டாபிக் தேட வேண்டிய வேலையே இல்ல. குடும்பத்துல யாரக் கேட்டாலும் ரெண்டுதான் சொல்வாங்க, ஒண்ணு குறட்டை, இன்னொன்னு சொன்ன கதையவே சொல்றது. ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்த வச்சு எண்பது பேர சிரிக்க வைக்கிறதுதான் கஷ்டம், ஏன்னா அந்த எண்பது பேரும் அதே ஜோக்க சாப்பாட்டு பந்தில ஏற்கனவே அடிச்சிருப்பாங்க. "மாமா குறட்டை விட்டா வீடே அதிருது"ன்னு மைக்ல சொன்னா ஒருத்தனும் சிரிக்க மாட்டான், ஆமாம் அதிரும், அதுக்கென்னன்னு இருப்பான்.

முதல்ல யாரு பேசறதுன்னு ஒரு பஞ்சாயத்து ஓடுச்சு. ரோஸ்ட்டுன்ற பேரு அமெரிக்காலேர்ந்து வந்திருக்கலாம், கேலி நம்மகிட்ட எப்பவும் இருந்ததுதான், நலங்கு வைக்கறப்ப மாப்பிள்ளைய வச்சு பாடாத பாட்டா. ஆனா நம்மகிட்ட அதுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு. மச்சான் கேலி பண்ணலாம், மருமவன் பண்ணலாம், கொழுந்தியா பண்ணலாம். பெத்த புள்ள மேடை ஏறி அப்பாவ கலாய்ச்சா கிராமத்துலேர்ந்து வந்த பெரியப்பா முகம் சுருங்கிடும், அது ஜோக்கோட தப்பு கிடையாது, ஆளோட முறை சரியில்ல. மாமாவோட மாப்பிள்ளை, அதாவது பொண்ணு புருஷன், அவரு பேசவே கூடாது, அவரு என்ன சொன்னாலும் சம்பந்தி வீட்டு சார்பா சொன்னதா ஆயிடும். அதனால அக்கா பையன்ற முறைல நான், மச்சான் முறைல அத்தையோட தம்பி, கடைசில அத்தை, இவ்ளோதான் லிஸ்ட். பையன பின்னாடி லேப்டாப்கிட்ட உக்கார வச்சிட்டோம். பெங்களூர்லேர்ந்து வந்திருந்த சின்ன மாமா பையன் மட்டும் "எனக்கும் ரெண்டு நிமிஷம் குடுங்கடா"ன்னு ஒட்டிக்கிட்டான், அதப் பத்தி பின்னாடி வரேன்.

எத தொடக்கூடாதுன்னு ஒரு அரைமணி நேரம் பேசினோம், இது முக்கியம். மாமா இடைல ஒரு சீட்டு நடத்தி கைய சுட்டுக்கிட்ட கதை இருக்கு, அது வேணாம். தொப்பை வேணாம், சுகர் வேணாம். சுனாமி வேணவே வேணாம். 2004ல தேவனாம்பட்டினத்துக்கு மறுநாளே கம்பி சரி பண்ண போன டீம்ல மாமாவும் இருந்தாரு, அத வருஷத்துக்கு ஒரு தடவ சொன்னா பெரிய விஷயம், சொல்றப்ப குரல் எறங்கிடும். அப்ப எது ரோஸ்ட்டுக்கு ஆகும்? அவரே சத்தமா, பெருமையா, நாலு பேரு முன்னாடி சொல்றது ஆகும். இல்லன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தும் அவரு மட்டும் "இல்லவே இல்ல"ன்னு சாதிக்கறது ஆகும். கதை முதல் வகை, குறட்டை ரெண்டாவது வகை.

குறட்டை விஷயத்துல மாமாவோட மறுப்புதான் சரக்கே. "நானா? நான் தூங்கவே இல்லயே, கண்ண மூடிக்கிட்டு இருந்தேன், நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு." இத அவரு கல்யாண மண்டபத்துல சொல்லியிருக்காரு, ரயில்ல சொல்லியிருக்காரு, டிவி முன்னாடி தினமும் சொல்வாரு. அதனால குறட்டைய நான் வர்ணிக்கக் கூடாது, மிமிக்ரியும் பண்ணக்கூடாது, நிஜ குறட்டைய ஸ்பீக்கர்ல விடணும், அப்புறம் ஒரு வார்த்தை பேசாம மாமா முகத்த பாக்கணும்னு முடிவு பண்ணோம். சாட்சிய முன்னாடி வச்சா வக்கீலே வேணாம்.

தூங்கறவர திருட்டுத்தனமா ரெக்கார்ட் பண்றது எனக்கு புடிக்கல, அத்தைகிட்ட கேட்டேன், அவங்க "நானே எடுத்து தரேன், எனக்கு வேண்டியது ஒரு நாளாவது இந்த ஆளு காதுல அது விழணும்"னாங்க. கட்டில்கிட்ட ஸ்டூல்ல ஃபோன வச்சு ராத்திரி ஒரு மணி நேரம் ஓட விட்டாங்க. அத வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜா அனுப்பினாங்க, பேசற குரலுக்குன்னு அமுக்கி அனுப்பறதுல அடித்தொண்டை சத்தம் செத்துப்போய் ஏதோ மிக்சி தூரத்துல ஓடற மாதிரி கேட்டுச்சு. வீட்டுக்குப் போய் ரெக்கார்டர்ல இருந்த ஒரிஜினல் ஃபைல எடுத்தப்பறம்தான் நம்ம மாமா வந்தாரு.

அந்த ஒரு மணி நேரத்த நாங்க நாலு பேரு உக்காந்து கேட்டோம், சிரிச்சு சிரிச்சு வயிறு வலி. குறட்டைல பாத்தீங்கன்னா மூச்ச இழுக்கறப்ப ஒரு உறுமல், விடறப்ப "புஸ்ஸ்ஸ்"னு ஒரு விசில், சில சமயம் நடுவுல உதடு "பொப்"னு ஒரு சத்தம். தூக்கத்துல தொண்டை தசை தளர்ந்து உள்நாக்கும் அதுக்கு மேல இருக்கற மெத்துன்னு இருக்கற அண்ணமும் காத்துல படபடன்னு அடிக்கிறதுதான் அந்த உறுமல், மல்லாந்து படுத்தா நாக்கு பின்னாடி சரிஞ்சு இன்னும் ஜாஸ்தி. உறுமல், விசில், பொப், இந்த மூணும் வரிசையா வர்ற ஒரு ஒம்பது செகண்ட் எங்களுக்கு வேணும். உறுமல் மட்டும் இருந்தா ஹால்ல ஏசி சத்தத்தோட கலந்து ஜெனரேட்டர் ஓடுதுன்னு நெனச்சுப்பாங்க. அந்த விசிலும் பொப்பும்தான் "இது ஒரு ஆளு"ன்னு காட்டிக்குடுக்கும்.

கேட்டுக்கிட்டே வந்தப்ப தம்பி பொண்டாட்டி, அவங்க நர்ஸ், சிரிக்கறத நிறுத்திட்டு "கொஞ்சம் பின்னாடி போங்க அண்ணா"ன்னாங்க. உறுமல் ஏறிக்கிட்டே வருது, திடீர்னு கப்சிப். எதுவும் இல்ல. அவங்க வாட்ச்ச பாத்து எண்ணினாங்க, பதினாலு செகண்ட். அப்புறம் தண்ணிக்குள்ள முங்கி எழுந்தவன் மூச்சு வாங்கற மாதிரி "ஹ்ஹ்கர்ர்"னு ஒரு சத்தம், மறுபடி குறட்டை. இப்படி அந்த ஒரு மணி நேரத்துல பல தடவ. அவங்க சொன்னது: சீரா ஒரே தாளத்துல வர்ற குறட்டை ஒரு மாதிரி, சத்தம் ஏறி, நின்னு, திணறி மறுபடி ஆரம்பிக்கறது வேற மாதிரி. பத்து செகண்டோ அதுக்கு மேலயோ மூச்சு நின்னா அத டாக்டருங்க கணக்குல எடுத்துக்குவாங்க, ஒரு மணி நேரத்துக்கு அது எத்தன தடவன்னு பாப்பாங்க, அஞ்சுக்கு மேல போனாலே விஷயம் இருக்கு, முப்பதுக்கு மேல போனா ரொம்ப சீரியஸ். பகல்ல உக்காந்த எடத்துல தூங்கறது, பிபி கட்டுக்குள்ள வராம இருக்கறது எல்லாம் இதோட சேர்ந்து வரும்னாங்க. நாங்க ஜோக்குன்னு எழுதி வச்சிருந்த லிஸ்ட்டுல பாதி, வேன்ல தூங்கினது, தாலி கட்டற நேரத்துல தூங்கினது, எல்லாமே அவங்க சொன்ன லிஸ்ட்டுல வந்துச்சு.

அப்ப குறட்டையவே தூக்கிடலாமான்னு பையன் கேட்டான். தம்பி பொண்டாட்டிதான் வேணாம்னாங்க. டாக்டர்கிட்ட போங்கன்னு சொன்னா "எனக்கு குறட்டையே வராது"ன்னு சொல்ற ஆளு அவரு, தன் காதால கேட்டாதான் ஆஸ்பத்திரி வாசல மிதிப்பாருன்னு அவங்க கணக்கு. மூச்சு நிக்கற எடம் ஒரு செகண்ட் கூட கிளிப்ல வரக்கூடாது, அத வச்சு சிரிக்க வைக்கக் கூடாது, விசேஷம் முடிஞ்ச வாரமே டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போறதுன்னு பையன் தேதி வாங்கிட்டான். அத்தைகிட்டயும் மறைக்கல. சீரா ஓடற பக்கத்துலேர்ந்து ஒம்பது செகண்ட் வெட்டினோம்.

அடுத்தது கதை. மாமாகிட்ட ஸ்டாக் நெறைய இருந்தாலும் ஓடறது ரெண்டுதான், தானே புயலும் பண்ருட்டி பலாப்பழமும்.

தானே கதை தெரியாதவங்களுக்கு: 2011 டிசம்பர் 30 விடியக்காலைல புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை கடந்துச்சு, பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் மொத்தமா சாஞ்சு, கம்பமெல்லாம் விழுந்து, கிராமங்கள்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. மாமா அப்ப ராப்பகலா கம்பம் நட்டாரு, அது உண்மை, அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. அவரு கதை "காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து"ன்னு ஆரம்பிக்கும், "நான் மட்டும் அன்னிக்கு இல்லன்னா"ன்னு முடியும். நடுவுல வேகம் ஒண்ணு சொல்வாரு. அங்கதான் எங்களுக்கு வழி கெடைச்சுது.

திரும்பத் திரும்ப சொல்ற கதைய கலாய்க்கறப்ப எல்லாரும் விழற பள்ளம் ஒண்ணு இருக்கு, அந்தக் கதைய மறுபடி முழுசா சொல்லிடுவாங்க. மாமா பன்னெண்டு நிமிஷம் சொல்றத நீங்க மூணு நிமிஷத்துல சொன்னாலும் ஜனங்களுக்கு அது இன்னொரு தடவ கேட்டதுதான், போர் அடிச்சவர கலாய்க்கப் போய் நீங்க போர் அடிச்சிட்டு வருவீங்க. கதைய தொடவே கூடாது, கதைல மாறினது என்னன்னு மட்டும் காட்டணும். இல்லன்னா ஜனங்களுக்குத் தெரியாத ஒரு தகவல் அந்தக் கதைக்குள்ள இருக்கான்னு தோண்டணும்.

மாறினது எங்ககிட்ட வீடியோவாவே இருந்துச்சு. 2013ல எங்க அக்கா கல்யாண வீடியோல மாமா பந்தில சொல்றாரு, "140 கிலோமீட்டர் வேகம்". வானிலை துறை சொன்னதும் கிட்டத்தட்ட அவ்ளோதான், அந்த வருஷம் மனுஷன் நேர்மையா இருந்திருக்காரு. 2017 வளைகாப்பு வீடியோல 160. 2022 கிரகப்பிரவேசத்துல ஐயர் பக்கத்துல நின்னுக்கிட்டு 190. மூணும் அவரு வாயால சொன்னது, நாங்க ஒரு எழுத்து சேக்கல. சேக்கவும் கூடாது, ஏன்னா மாமா எழுந்து "எப்படா நான் அப்படி சொன்னேன்"னு கேட்டா கையில வீடியோ இருக்கணும். பையன் அத மூணையும் வெட்டி ஒட்டி இருபது செகண்ட் ஆக்கினான். வேகம் ஏற ஏற மாமா முடி நரைக்குது, அது நாங்க பிளான் பண்ணாம கெடைச்ச போனஸ்.

நேரம் எப்ப வைக்கறதுன்றதுக்கும் ஒரு கணக்கு. பசியோட இருக்கறவன் சிரிக்க மாட்டான், சாப்பிட்டவன் வெத்தலை போட்டுட்டு பஸ்ஸுக்கு கெளம்பிடுவான். ஆறரைக்கு காபி, கேசரி, போண்டா குடுத்துட்டு ஏழு மணிக்கு ஆரம்பிச்சோம், எட்டு மணிக்கு பந்தி. மாமாவ மேடைல உக்கார வைக்கல, கீழ முதல் வரிசைலயே சைடு திருப்பி சேர் போட்டோம், அவரு முகம் எல்லாருக்கும் தெரியணும், அவரு கண்ணுக்கு ஜனங்க சிரிக்கறது தெரியணும். பக்கத்துலயே அத்தை.

ஆரம்பிச்சது நான். மரியாதையா மூணு வரி வாழ்த்து, அப்புறம் அறுபது வருஷ சுழற்சி. "பிரபவ முதல் அட்சய வரைக்கும் அறுபது வருஷம் போய் மறுபடி அதே விசுவாவசு வந்திருக்கு. சொன்னதையே மறுபடி சொல்ற பழக்கம் மாமாவுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பதான் புரியுது, பஞ்சாங்கத்துலேர்ந்தே வந்திருக்கு." பெருசுங்க பக்கம் இதுக்கு நல்லா சிரிச்சாங்க, அவங்கள முதல்ல நம்ம பக்கம் இழுத்துட்டா மிச்சத்துக்கு லைசன்ஸ் கெடைச்ச மாதிரி. அப்புறம் நேரா, "மாமா, ஒரே ஒரு கேள்வி, நீங்க குறட்டை விடுவீங்களா?" அவரு எதிர்பாத்தபடியே கைய விசிறி, "அட போடா, நான் கண்ண மூடிட்டு இருப்பேன் அவ்ளோதான், எல்லாம் கேக்கும்"னாரு. நான் "சரி மாமா"ன்னு மட்டும் சொல்லிட்டு பையனுக்கு கண்ண காட்டினேன். ஒம்பது செகண்ட்.

மதியமே ஹால் ஸ்பீக்கர்ல போட்டு பாத்து சவுண்ட் எவ்ளோன்னு குறிச்சு வச்சிருந்தோம், அது நல்லதா போச்சு, ஏன்னா அந்த பெரிய பாக்ஸ்ல அடித்தொண்டை உறுமல் சேர்ல உக்காந்தா முதுகுல தெரியுது. விசில் வந்தப்ப முதல் சிரிப்பு, பொப் வந்தப்ப ஹாலே போச்சு. மாமா கண்ணு பெருசாயிடுச்சு, அத்தைய பாத்து "இது நானா?"ன்னாரு. அத்தை திரும்பி பாக்காமலே தலைய ஆட்டினாங்க. நான் அங்க ஒரு பஞ்ச் எழுதி வச்சிருந்தேன், சொல்லவே இல்ல, அந்த "இது நானா"வுக்கு மேல எதுவும் நிக்காது. அப்புறம் காலைல நடந்தத சேத்துக்கிட்டேன், "இன்னிக்கு திருக்கடையூர் போறப்ப சீர்காழி தாண்டி வேன் டிரைவர் ஓரங்கட்டி எறங்கி சைலன்சர பாத்தாரு, வண்டிய ஆஃப் பண்ணப்பறமும் சத்தம் நிக்கல". பாதி பொய்தான், வேன் நின்னது டீ குடிக்க, ஆனா வேன்ல வந்தவங்களே கைத்தட்டினாங்க.

தானே வீடியோ அடுத்து. 140, 160, 190ன்னு ஓடி முடிஞ்சதும் ஒரு வரி: "இதே ரேட்ல போனா 2045ல மாமாவோட சதாபிஷேகத்துல காத்து வேகம் 300ஐ தாண்டிடும், தயவு செஞ்சு ஹால ஸ்ட்ராங்கா பாத்து புடிங்க." அப்புறம் அத்தையோட தம்பி எழுந்து, "மாப்பிள்ளை, தானே 2011லயே கரை கடந்துடுச்சு, எங்க மச்சான் வாயிலேர்ந்துதான் இன்னும் கரை கடக்கல"ன்னாரு. அன்னிக்கு சாயங்காலத்தோட பெரிய சிரிப்பு அதுதான், அது அவரு சொந்த சரக்கு, எழுதிக் குடுத்தது இல்ல. சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு இந்தக் கதை தெரியாதே புரியுமான்னு பயந்தேன். வீடியோவே அவங்களுக்கு கதைய சொல்லிடுச்சு, மூணு தடவ அதே முதல் வரிய கேட்டதுல நாலாவது தடவ அவங்களும் சேந்து "காத்துன்னா காத்து"ன்னு கத்தினாங்க.

இப்ப பெங்களூர் பையன். மைக்க வாங்கி, நல்லா போயிட்டு இருந்த குறட்டை டாபிக்குக்கே திரும்பப் போனான். "அதான் பெரியம்மா முப்பது வருஷமா தனி ரூம்ல படுக்கறாங்க"ன்னான். அவன் ஃப்ரெண்ட்ஸ் பார்ட்டில இது ஓடியிருக்கும். இங்க பின்வரிசை பசங்க ரெண்டு பேரு மட்டும் சிரிச்சாங்க. சம்பந்தி அம்மா கைல இருந்த காபி டம்ளர பாக்க ஆரம்பிச்சாங்க. அத்தை முந்தானைய இழுத்து தோள மூடிக்கிட்டாங்க. மாமா சிரிச்ச மாதிரியே இருந்தாரு, ஆனா வாய் மட்டும் சிரிச்ச எடத்துல நின்னுடுச்சு, கண்ணு அத்தைகிட்ட போயிடுச்சு, தொடைல தட்டி தட்டி சிரிச்சிட்டு இருந்த கை சேர் கைப்பிடிய புடிச்சிக்கிச்சு. ஜோக் கெட்டுப்போச்சான்னு கூட்டத்தோட சத்தத்த வச்சு கண்டுபுடிக்கறத விட உக்காந்திருக்கறவர் கைய பாத்தா சீக்கிரம் தெரியும். குறட்டை மாமாவோடது, படுக்கற ரூம் ரெண்டு பேரோடது, அத்தைகிட்ட யாரும் அதுக்கு சம்மதம் வாங்கல, அதுவும் பொண்ணு குடுத்த வீட்டுக்காரங்க முன்னாடி.

இந்த மாதிரி நேரத்துல மன்னிப்பு கேட்டு நிறுத்தினா அந்த வரி இன்னும் பெருசாயிடும். அத்தையோட தம்பி உக்காந்த எடத்துலேர்ந்தே சத்தம் போட்டாரு: "டேய், எங்க அக்கா எந்த ரூமுக்கும் போகல. காது கேக்காத மாதிரி நடிச்சு நடிச்சு பழகிட்டாங்க, இப்ப மச்சான் கூப்ட்டாலும் திரும்ப மாட்டேங்கறாங்க, மச்சான் அதுக்கும் குறட்டைதான் காரணம்னு தெரியாம காது டாக்டர தேடறாரு." பாரம் அத்தை மேலேர்ந்து எறங்கி மறுபடி மாமா மேல வந்துச்சு, அத்தையும் சிரிச்சிட்டாங்க, மாமா கை மறுபடி தொடைக்கு வந்துச்சு. மைக்க நான் அவன்கிட்டேர்ந்து வாங்கிட்டேன். மச்சான் முறைல ஒரு ஆள வச்சிருந்ததோட பலன் அங்கதான் தெரிஞ்சுது, அதையே நான் சொல்லியிருந்தா அதிகப்பிரசங்கி ஆயிருப்பேன்.

கடைசி ஆளு அத்தை. பலாப்பழக் கதைய அவங்களுக்குன்னே விட்டு வச்சிருந்தோம். மாமா வெர்ஷன் என்னன்னா, பண்ருட்டிக்கு பொண்ணு பாக்க போனாரு, பொண்ணு வீட்ல ஆசையா ஒரு பலாப்பழம் குடுத்து அனுப்பினாங்க, திரும்பி வர்றப்ப நெல்லிக்குப்பத்துகிட்ட பஸ் படுத்துக்கிச்சு, மனுஷன் அத தோள்ல வச்சு கடலூர் வரைக்கும் நடந்தே வந்தாரு, அந்தப் பாசத்துலதான் கட்டினா இந்தப் பொண்ணுன்னு முடிவு பண்ணாரு. பழத்தோட எடையும் புயல் மாதிரியே வருஷா வருஷம் ஏறும், ஆனா அத நாங்க தொடல, எண்ணிக்கை ஏறுற ஜோக் ஒரு தடவதான் ஓடும். அத்தை மைக் புடிச்சதே அதுதான் முதல் தடவ, ரொம்ப மெதுவா பேசினாங்க.

"எங்க வீட்ல பலாப்பழம் குடுக்கல."

ஹால் அமைதியாயிடுச்சு.

"பஜ்ஜியும் காபியும்தான் குடுத்தோம். அது இவரு பஸ் ஸ்டாண்டுல வாங்குனது. பழம் கூட கெடையாது, காய். அவங்க அம்மாகிட்ட பொண்ணு வீட்ல குடுத்தாங்கன்னு பொய் சொல்லியிருக்காரு, எங்க மாமியார் ரெண்டு நாள் கழிச்சு அத அறுத்து பாத்துட்டு, என்ன வீடு இது, பொண்ணு பாக்க வந்தவனுக்கு பிஞ்சா குடுத்து அனுப்புவாங்கன்னு எங்க அப்பாவுக்கு சொல்லி விட்டாங்க."

இந்தக் குடும்பத்துல அந்தக் கதைய கேக்காத ஆளு கெடையாது, ஆனா இந்த விஷயம் ஒருத்தருக்கும் தெரியாது. மாமாவோட அக்கா, அதாவது எங்க அம்மா, எழுந்து நின்னு "டேய் பாவி, அந்தக் காய நானும்டா கூட்டு வச்சு தின்னேன்"னாங்க. ரோஸ்ட் எழுதறவங்க யாராவது இத படிச்சா ஒண்ணே ஒண்ணு சொல்லுவேன், பழைய கதை இருக்குன்னா அத சொல்றவர விட்டுட்டு அதுல கூட இருந்தவங்க யாருன்னு தேடிப் போய் பேசுங்க. எங்களுக்கு அத்தை இத சமையக்கட்டுல வெங்காயம் உரிச்சிக்கிட்டே போகிற போக்குல சொன்னாங்க, நாங்க கேட்டதே வேற ஏதோ.

பதில் பேச மாமாகிட்ட மைக் குடுத்தோம். இது குடுத்தே ஆகணும், கடைசி வார்த்தை கேலி வாங்கினவரோடதா இருந்தாதான் அவரு மேல எந்தக் கறையும் ஒட்டாது. அவரு எழுந்து தொண்டைய செருமி, "எல்லாரும் நெனைக்கறீங்க நான் இவ்ளோ நேரம் கோவமா உக்காந்திருந்தேன்னு"ன்னு ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் விட்டு, "நான் கண்ண மூடிட்டு இருந்தேன், எல்லாம் கேட்டுச்சு"ன்னாரு. தன் டயலாக்கையே தூக்கி எங்க மேல போட்டாரு பாருங்க, நாங்க எழுதினது எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. அந்த உற்சாகத்துல "ஆனா ஒண்ணு சொல்றேன், அன்னிக்கு காத்துன்னா காத்து"ன்னு ஆரம்பிச்சாரு, பையன் பின்னாடிலேர்ந்து குறட்டைய ரெண்டாவது தடவ விட்டான். மூணாவது தடவ விடலாமான்னு அவனுக்கு கை அரிச்சுது, விட விடல. ரெண்டாவதுலயே பந்திக்கு கெளம்பிட்டோம், எட்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருந்துச்சு.

டெஸ்ட் அந்த வாரமே எடுத்தோம். "இது நானா"ன்னு கேட்டவரு ஆனதால வர்றதுக்கு மறுப்பே சொல்லல, தம்பி பொண்டாட்டி கணக்கு தப்பல. ராத்திரி ஆஸ்பத்திரில படுக்க வச்சு தலைல, நெஞ்சுல, விரல்ல ஒயர் ஒட்டி பாத்தாங்க, மூச்சு நின்ன கணக்கு மணிக்கு பதினஞ்சுக்கு மேல முப்பதுக்குள்ள வந்துச்சு, அதாவது நடுத்தரம். மூக்குல மாட்டி காத்து அழுத்தம் குடுக்கற மிஷின் ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க, வெயிட்ட கொறைக்க சொன்னாங்க, ஒருக்களிச்சு படுக்க சொன்னாங்க. மிஷின் முதல் வாரம் புடிக்கல, மாஸ்க் சைஸ் மாத்தினதும் ஒத்துக்கிட்டாரு. மிஷின் மாட்டினா குறட்டை சுத்தமா இல்ல, அத்தைக்கு முதல்ல ரெண்டு நாள் தூக்கம் வரல, சத்தம் இல்லன்னதும் எழுந்து எழுந்து மூக்குகிட்ட கை வச்சு பாத்திருக்காங்க.

மாமாவுக்கு இதுல ஒரு புதுக் கதை கெடைச்சிடுச்சு, ஆஸ்பத்திரில ஒயர் மாட்டி படுத்த கதை. "முப்பத்தஞ்சு வருஷம் நான் ஊருக்கு ஒயர் இழுத்தேன், அன்னிக்கு எனக்கே இழுத்துட்டானுங்க"ன்னு ஆரம்பிக்கறாரு, நல்லாதான் இருக்கு. முதல் தடவ சொன்னப்ப ஒயர் இருபது. போன மாசம் புதுச்சேரில ஒரு காதுகுத்துல சொன்னப்ப முப்பத்தாறு. வீடியோ எடுத்து வச்சிருக்கேன்.